பதினொரு மாத பேப்பரில் மூன்று வருட லாக்-இன்



கொஞ்சம் நீளமான பதிவு. கடை வாடகைக்கு எடுத்திருப்பவர்கள், எடுக்கப் போகிறவர்கள், கீழ்த்தளத்தில் இரண்டு ஷட்டர் வைத்துக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் என்னைப் போன்றவர்கள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் தாண்டிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன். வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். அங்கே கல்லூரிப் பிள்ளைகள் எந்நேரமும் நடமாடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ரெக்கார்டு நோட்டு, ப்ராஜெக்ட் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங் என்று நல்ல ஓட்டம். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் நாலு பக்க அக்ரிமென்ட், நூறு ரூபாய் பாண்டு பேப்பரில். "சார், இதுல மூணு வருஷம் லாக்-இன்னு போட்டிருக்கு. ஓனர் பதினோரு மாசத்துல காலி பண்ணச் சொல்றார். எப்படி சார் முடியும்?" என்றான்.

படித்துப் பார்த்தேன். எப்படி முடியும் என்பது அந்தப் பேப்பரிலேயே இருந்தது.

கடை 220 சதுர அடி. வாடகை 18,000. அட்வான்ஸ் பத்து மாத வாடகை, 1,80,000. ஒப்பந்தக் காலம் பதினோரு மாதம். அதற்குக் கீழே ஒரு வரி: வாடகைதாரர் மூன்று ஆண்டுகளுக்குள் காலி செய்யக் கூடாது, செய்தால் மீதிக் காலத்துக்கான வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாம். இன்னும் நாலு வரி தள்ளி: உரிமையாளருக்குத் தேவைப்பட்டால் ஒரு மாத நோட்டீசில் காலி செய்ய வேண்டும். பையன் முதல் வரியைப் படித்துவிட்டு மூன்று வருடத்துக்குக் கடை தனக்குத்தான் என்று நம்பியிருக்கிறான். அந்த வரி அவனைக் கட்டுகிறதே தவிர ஓனரைக் கட்டவில்லை. கதவில் தாழ்ப்பாள் இருக்கிறது, ஆனால் வெளிப்பக்கம்.

அந்த நம்பிக்கையில் அவன் செய்த செலவைக் கேட்டேன். மெஷின்கள் அவனுடையவை, எங்கே போனாலும் எடுத்துப் போகலாம். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எடுத்துப் போக முடியாதவை மட்டும்: ஃபால்ஸ் சீலிங், டைல்ஸ், சுவரோடு பதித்த கவுண்டர், ஒயரிங், கரண்ட் லோடு ஏற்றியது, முகப்புப் போர்டுக்கு இரும்புச் சட்டம். மொத்தம் 2,75,000 ரூபாய்.

கணக்கு வாத்தியார் என்பதால் அங்கேயே அவனைக் கணக்குப் போடச் சொன்னேன். 2,75,000-ஐ மூன்று வருடத்துக்கு, அதாவது 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 7,640. வாடகையோடு சேர்த்தால் கடையின் உண்மையான மாத வாடகை ஏறக்குறைய 25,640. அந்த வியாபாரத்துக்குத் தாங்கும். அதே தொகையைப் பதினொன்றால் வகுத்தால் மாதம் 25,000. வாடகையோடு 43,000. எந்த ஜெராக்ஸ் கடை தாங்கும்? அவன் பேசவே இல்லை. தலையைக் குனிந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அந்தக் கணக்கைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

சரி, மூன்று வருட லாக்-இன் என்று எழுதிய பேப்பர் ஏன் மூன்று வருடத்துக்கு உதவாது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்குக் கட்டடத்தைக் குத்தகைக்கோ வாடகைக்கோ விட்டால் அந்தப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 107-வது பிரிவும், 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் 17-வது பிரிவும் இதைத்தான் சொல்கின்றன. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மிச்சம் என்பதால்தான் ஊர் முழுக்கப் பதினோரு மாதம் என்று எழுதுகிறோம். இதில் தப்பொன்றும் இல்லை, உண்மையிலேயே பதினோரு மாதத்துக்குத்தான் கடை வேண்டும் என்றால். ஆனால் பதினோரு மாதம் என்று எழுதிவிட்டு அதன் வயிற்றுக்குள் மூன்று வருட வாக்குறுதியை ஒளித்து வைத்தால், பதிவு செய்ய வேண்டிய ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டோம் என்றுதான் ஆகும். நோட்டரி முத்திரை இருக்கிறதே என்பார்கள். நோட்டரி முத்திரை வேறு, பதிவு வேறு.

கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், ஆண்டனி எதிர் இட்டூப் அண்ட் சன்ஸ், உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் இதைத் தெளிவாக்கியது. ஐந்து வருடக் குத்தகை எழுதினார்கள், பதிவு செய்யவில்லை. அந்தப் பத்திரத்தால் ஐந்து வருடக் குத்தகை உண்டாகாது, கடையைக் கொடுத்து வாடகையும் வாங்கியதால் மாத வாடகை உறவு மட்டுமே உண்டு என்றது நீதிமன்றம். 2008-இல் கொல்கத்தாவைச் சேர்ந்த கே.பி. சாஹா வழக்கில், பதிவாகாத குத்தகைப் பத்திரத்தின் முக்கியமான ஒரு நிபந்தனையைப் பக்கவாட்டில் பயன்படுத்திக்கொள்ளவும் முடியாது என்றது. அந்த வழக்கில் நிபந்தனையைக் காட்டிக் காலி செய்யச் சொன்னவர் கட்டட உரிமையாளர். ஆக இந்தக் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். பதிவில்லாத லாக்-இன் வாடகைதாரரைக் காப்பாற்றாது, உரிமையாளருக்கும் பெரிதாகக் கைகொடுக்காது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் ஒரு ஓனர்தான். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வீட்டின் கீழே இரண்டு கடை கட்டினேன். சில வருடங்களுக்கு முன் ஒன்றை மொபைல் சர்வீஸ் வைக்கும் தம்பிக்குக் கொடுத்தேன். வாடகை 12,000, அட்வான்ஸ் ஆறு மாதம், அதாவது 72,000. பதினோரு மாத ஒப்பந்தம், அந்தப் பதினோரு மாதமும் லாக்-இன். ஏழாவது மாத முடிவில் அவர் கடையை எடுத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் மீதி நாலு மாதத்துக்கு 48,000-ஐப் பிடித்துக்கொள்வேன் என்றேன். எழுதியிருக்கிறதே!

எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கடை எத்தனை நாள் சும்மா கிடந்தது சார்?" ஒன்றரை மாதம். அதற்குள் ஒரு தையல்கடை வந்துவிட்டது, அதே வாடகைக்கு. "அப்போ உங்க நஷ்டம் 18,000. அதுக்கு மேலே கேட்டா கோர்ட்ல நிக்காது" என்றார். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவு அப்படித்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று எழுதிய தொகை ஒரு உச்ச வரம்பு. அதற்குள் நியாயமான ஈடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். 18,000 பிடித்துக்கொண்டு 54,000-ஐத் திருப்பிக் கொடுத்தேன். அந்தத் தம்பி இன்றும் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்கிறார். 48,000 பிடித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

ஆகவே லாக்-இன் என்பதே ஏமாற்று வேலை என்று நான் சொல்ல வரவில்லை. ஓனருக்கும் அது தேவை. கடை கைமாறினால் தரகுக் கமிஷன், வெள்ளையடிப்பு, சும்மா கிடக்கும் நாட்கள் எல்லாம் அவர் தலையில். என் கருத்து இதுதான்: லாக்-இன் இருவரையும் கட்ட வேண்டும், அதன் நீளம் வாடகைதாரர் கடையில் போடும் திரும்பாத பணத்தைப் பொறுத்து இருக்க வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வரியை எழுதாமலே இருக்கலாம்.

மாணவன் கதைக்கு வருகிறேன். ஓனர் ஏன் காலி செய்யச் சொன்னார்? இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக் காரணம் சொல்லவே வேண்டாம். குமணன்சாவடிப் பக்கம் மெட்ரோ தூண் எழும்பியதிலிருந்து சுற்றுவட்டாரத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கெல்லாம் கனவு பெரிதாகிவிட்டது. அந்த ஓனரிடம் ஒரு பேக்கரிக்காரர் 28,000 தருவதாகச் சொல்லியிருக்கிறார். மாதம் பத்தாயிரம் கூடுதல் என்றால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வரும்.

ஆனால் நேராக அதைச் சொல்லவில்லை. நோட்டீசில் வேறு காரணம் எழுதியிருந்தது: உள்வாடகை விட்டுவிட்டாய்.

பையன் செய்தது இது. கடை முகப்பில் நாலுக்கு மூன்று அடி இடத்தில், அவனுக்குத் தெரிந்த ஒருவர் சிம் கார்டு, ஹெட்போன் விற்க ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார். மாதம் 3,500 கொடுப்பார். காலையில் பையன் ஷட்டரைத் திறந்தால்தான் அவர் பெட்டியைத் திறக்க முடியும். சாவி அவரிடம் கிடையாது. "இது சப்-லெட்டா சார்?" என்றான்.

இதற்குச் சட்டத்தில் ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. 1959-இல் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டெல்லியில் ஒரு பெரிய ஹோட்டலுக்குள் முடிதிருத்தும் நிலையத்துக்காகக் கொடுத்த அறைகளைப் பற்றிய வழக்கு அது. பத்திரத்தில் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்பது முக்கியமில்லை, உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம் என்றார்கள். அந்த இடம் அவருக்கு மட்டும் உரியதாக, மற்றவரைத் தடுக்கும் உரிமையோடு போய்விட்டதா? போயிருந்தால் உள்வாடகைப் பக்கம் சாயும். சாவியும் கட்டுப்பாடும் கடைக்காரரிடமே இருந்தால் வெறும் அனுமதி. அந்த அளவில் பையன் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அவன் பேப்பரில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "எந்த வகையிலும், எந்தப் பகுதியையும், எவருக்கும் பயன்படுத்தக் கொடுக்கக் கூடாது." உள்வாடகையா அனுமதியா என்ற வாதத்துக்கே இடம் வைக்காத வாக்கியம். கையெழுத்துப் போடும்போது அவன் அதைப் படிக்கவில்லை. ஸ்டாம்ப் வெண்டர் கடையில் இருந்த ரெடிமேட் மாதிரி. யாரும் படிப்பதில்லை.

பார்ட்னர் சேர்த்துக்கொள்பவர்களும் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். உண்மையான கூட்டு வேறு, கடையை முழுசாக இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பேப்பரில் மட்டும் கூட்டாளி என்று போட்டுக்கொள்வது வேறு. இரண்டாவது வகையை நீதிமன்றம் உள்வாடகையாகத்தான் பார்க்கும். வங்கிக் கணக்கு, லாபப் பங்கு, கடை உரிமம் யார் பெயரில் என்று பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

பழைய ஆட்கள் பலர் இன்னமும், "வாடகைதாரரைக் காலி பண்ணவே முடியாது, சட்டம் அவங்க பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலம். அப்போது ஒப்பந்தம் முடிந்தாலும் வாடகைதாரர் உட்கார்ந்திருக்கலாம். வாடகை பாக்கி என்றால்கூட அது வேண்டுமென்றே செய்த பாக்கி என்று காட்ட வேண்டும். நியாய வாடகைக்குச் சூத்திரமே இருந்தது, கடைக்குக் கட்டட மதிப்பில் ஆண்டுக்குப் பன்னிரண்டு சதவீதம். அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீளமான பெயர்: தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குபடுத்தும் சட்டம். நகர்ப்புறத்துக் கடைகளுக்கும் பொருந்தும். வேலப்பன்சாவடி திருவேற்காடு நகராட்சிக்குள் வருவதால் நமக்கும் பொருந்தும். (கோயில் கடை, வக்ஃபு கடை வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. திருவேற்காடு கோயிலைச் சுற்றி இருப்பவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இந்தப் புதுச் சட்டத்தின் அடிப்படையே மாறிவிட்டது. வாடகை எவ்வளவு, எப்போது ஏறும் என்பதெல்லாம் நீங்கள் எழுதிக்கொண்டபடிதான். எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். பதினோரு மாதமானாலும் அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கு `tenancy.tn.gov.in` என்று ஒரு தளம் இருக்கிறது. இது சார்பதிவாளர் பதிவுக்கு மாற்று அல்ல. ஓராண்டுக்கு மேல் என்றால் இரண்டும் வேண்டும். நான் விசாரித்த பத்துப் பதினைந்து கடைக்காரர்களில் வாடகை அதிகாரி என்று ஒருவர் இருப்பதே இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது.

காலி செய்ய வைப்பதற்கான காரணங்கள் 21-வது பிரிவில் வரிசையாக இருக்கின்றன. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்து ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாமல் இருப்பது. எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பிறருக்கு விடுவது. நோட்டீஸ் கொடுத்த பிறகும் இடத்தைத் தவறாகப் பயன்படுத்துவது. இடித்துக் கட்டுவது. உரிமையாளரின் சொந்தத் தேவை. இதிலெல்லாம் எனக்குச் சண்டை இல்லை.

எனக்குச் சண்டை முதல் காரணத்தோடு. உரிமையாளரும் வாடகைதாரரும் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறினார்கள் என்பதே காலி செய்யக் காரணம். யாருடைய தவறால் என்று அந்த வாசகம் கேட்கவில்லை. யோசித்துப் பாருங்கள். பதினோரு மாதம் முடிகிறது. வாடகைதாரர் புதுப் பேப்பரோடு ஓனர் வீட்டு வாசலில் நிற்கிறார். ஓனர் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்கிறார், கையெழுத்துப் போடவில்லை. நாலு மாதம் கழித்து, ஒப்பந்தம் இல்லை என்று வாடகை நீதிமன்றத்துக்குப் போகிறார். வாடகைதாரர் ஒரு நாள்கூடப் பாக்கி வைக்கவில்லை, ஒரு ஆணிகூட அதிகமாக அடிக்கவில்லை. ஆனாலும் காலி. கையெழுத்துப் போட மறுத்தவருக்கே அந்த மறுப்பைப் பரிசாகக் கொடுப்பது நியாயமா? நானும் ஓனர்தான், இருந்தும் கேட்கிறேன். குறைந்தபட்சம் யார் மறுத்தார்கள் என்று விசாரிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம்.

சட்டம் மாறும்வரை இதற்கு ஒரே தடுப்பு, நீண்ட காலத்துக்கு எழுதிப் பதிவு செய்வதுதான். ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது, சட்டம் சொல்லும் காரணங்களைத் தவிர வேறெதற்காகவும் வாடகைதாரரை வெளியேற்ற முடியாது. வாடகை கூடுதலாக வருகிறது என்பது அந்தக் காரணங்களில் இல்லை.

காரணமே இருந்தாலும் ஓனர் தானாகப் பூட்டுப் போட முடியாது, கரண்டைத் துண்டிக்க முடியாது. நீதிமன்ற உத்தரவு வேண்டும். கோபத்தில் வாடகை வாங்க மறுத்தாலும் வாடகைதாரர் சும்மா இருந்துவிடக் கூடாது. மணியார்டரிலோ வங்கி மூலமோ அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அப்படியும் வாங்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் கட்ட வழி இருக்கிறது. "அவர்தான் வாங்கலையே" என்று இரண்டு மாதம் விட்டவர்கள் தாங்களாகவே பாக்கி என்ற காரணத்தை எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

வாடகை உயர்வு பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது கணக்கு வாத்தியாரின் பலவீனம். பையன் பேப்பரில் "ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் 10 சதவீதம்" என்று இருந்தது. கேட்க வருடத்துக்குப் பத்து சதவீதம் போலத் தெரியும். புதுப்பித்தல் பதினோரு மாதத்துக்கு ஒரு முறை என்பதைக் கவனித்தீர்களா? ஐந்து வருடத்துக்குள் ஐந்து முறை ஏறும். 18,000 என்பது 56-வது மாதத்தில் 28,989 ஆகிவிடும். வருடத்துக்கு ஒரு முறை பத்து சதவீதம் என்றால் ஐந்தாம் வருடத்தில் 26,354. ஐந்து சதவீதம் என்றால் 21,879. கையெழுத்துப் போடும் அன்று மூன்றும் 18,000 தான்.

இதைவிட ஆபத்து, "அந்தச் சமயம் நிலவும் வாடகைக்கு ஏற்ப" என்ற வாசகம். நிலவும் வாடகையை யார் சொல்வது? பேக்கரிக்காரர் சொல்வார். புதுச் சட்டத்தின்படி, காலம் குறித்த ஒப்பந்தம் ஓடும்போது வாடகையை ஏற்ற வேண்டுமானால் எவ்வளவு ஏறும் அல்லது எந்த முறையில் ஏறும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். ஆகவே சதவீதம்கூட வேண்டாம், ஒவ்வொரு வருடத்துக்கும் எவ்வளவு என்று ரூபாயில் அட்டவணையாகப் போட்டுவிடுங்கள். பிற்பாடு யாரும் கால்குலேட்டரோடு சண்டை போட வேண்டியதில்லை. வாடகை ஏறும்போது அட்வான்ஸும் ஏறுமா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பல ஓனர்கள் வாடகையை ஏற்றிவிட்டு, "அட்வான்ஸையும் பத்து மாதமா ஆக்கிடுப்பா" என்பார்கள். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. வேறு உடன்பாடு என்ற அந்த இரண்டு சொல்லுக்குள்தான் பத்து மாத அட்வான்ஸ் குடியிருக்கிறது.

பையன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். வழக்குப் போடலாமா என்று யோசித்தோம். பதிவில்லாத பேப்பர், முடிந்துவிட்ட காலம், முகப்பில் ஒரு கண்ணாடிப் பெட்டி. ஜெயிக்கும் வழக்கு இல்லை என்றேன். அவன் மனைவி மட்டும், "அவ்ளோ செலவு பண்ணிட்டு எப்படி சார் விடுறது?" என்று இரண்டு முறை கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நானும் அவனும் ஓனரிடம் போனோம். மோசமான மனிதர் இல்லை. காபி கொடுத்தார். மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகச் சொன்னார். மூன்று மாத அவகாசம் கேட்டோம், இரண்டு மாதம் கொடுத்தார். அட்வான்ஸில் வெள்ளையடிப்புக்கு 15,000 பிடித்துக்கொள்வேன் என்றார். பையன் பதினோரு மாதத்துக்கு முன் போட்ட டைல்ஸும் சீலிங்கும் அவருக்கே மிச்சம் என்று நான் ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு 1,80,000-ஐ முழுசாகத் தருவதாக ஒப்புக்கொண்டார். சாவி கொடுத்த அன்றே வங்கியில் போட்டுவிட்டார். பேக்கரிக்காரர் அந்த சீலிங்கைப் பிரித்து எறிந்துவிட்டு வேறு போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது பையன் திருவேற்காடு போகும் வழியில் ஒரு கடை எடுத்திருக்கிறான். கொஞ்சம் உள்ளே தள்ளி, வாடகை 16,000. இந்த முறை ஐந்து வருடத்துக்கு எழுதினோம். முதல் மூன்று வருடம் இருவருக்கும் லாக்-இன்: அவன் போனால் ஓனருக்கு அதிகபட்சம் மூன்று மாத வாடகை, ஓனர் போகச் சொன்னால், இணைப்பில் உள்ள இன்டீரியர் செலவுப் பட்டியலில் மீதிக் காலத்துக்கான பங்கை அவர் தர வேண்டும். வருடா வருடம் எவ்வளவு வாடகை என்று ரூபாயில் அட்டவணை. அட்வான்ஸ் ஆறு மாதம், வாடகை ஏறினாலும் அது ஏறாது, காலி செய்து ஒரு மாதத்துக்குள் திரும்ப வேண்டும். உள்வாடகை கூடாது, ஆனால் சாவி கைமாறாமல் முகப்பில் ஒரு சிறு கவுண்டர் வைத்துக்கொள்ளலாம் என்று தனி வரி. அந்த வரிக்குப் புது ஓனர் முதலில் தயங்கினார். கண்ணாடிப் பெட்டியின் நீள அகலத்தை எழுதியதும் சரி என்றார்.

பதிவுச் செலவை யார் தருவது என்பதில் அரை நாள் இழுபறி. முத்திரைத் தீர்வை, மொத்த வாடகையிலும் அட்வான்ஸிலும் சேர்த்து ஒரு சதவீதம். அதோடு பதிவுக் கட்டணம், எழுத்துக்கூலி. எல்லாம் சேர்ந்து அவனுக்கு ஒன்றரை மாத வாடகைக்கு மேல் வந்தது. "இவ்ளோவா சார்?" என்று முகம் சுளித்தான். கடைசியில் ஆளுக்குப் பாதி. போன வியாழக்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்தும் விரல் ரேகையும் முடிந்தது. வாடகை அதிகாரிக்கான விண்ணப்பத்தை அன்று மாலையே என் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து போட்டோம்.

இந்த முறை ஃபால்ஸ் சீலிங் போடவில்லை. கவுண்டரைச் சுவரில் பதிக்காமல் நட்டு-போல்ட் வைத்துக் கழற்றி எடுக்கும்படி செய்யச் சொல்லியிருக்கிறான்.